ஒரே பருப்பு மூட்டைக்கு ஏன் ஐந்து இலாபம்?

கேள்வி: கிளிநொச்சியில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். மார்ச் 31 இருப்பை நான் வாங்கின விலையில்தான் எழுதிக் கொடுத்தேன். கணக்குச் செய்பவர் இப்போதைய விலையில் மாற்றிப் போட, இலாபம் ஒன்றேகால் இலட்சம் கூடிவிட்டது. கல்லாப்பெட்டியில் ஒரு ரூபாய் கூட ஏறவில்லை. எது சரி?

பதில்:

மல்லாவியில் எங்கள் வீட்டுக் கடையின் கணக்கைப் பதினொரு வருடமாக நான்தான் எழுதுகிறேன், உயர்தரத்தில் வர்த்தகம் படித்ததும் கை கொடுத்தது. இலாபம் எப்படி வருகிறது என்பதை முதலில் பாருங்கள். வருடத் தொடக்கத்தில் கடையில் இருந்த சாமானோடு வருடம் முழுக்க வாங்கினதைக் கூட்டி, கடைசியில் மிஞ்சினதைக் கழித்தால் வருவதுதான் விற்ற சாமானின் கிரயம். விற்பனையில் அதைக் கழித்தால் மொத்த இலாபம். ஆகவே மிஞ்சின சாமானுக்கு நீங்கள் ஒரு ரூபாய் கூட எழுதினால் கிரயம் ஒரு ரூபாய் குறையும், இலாபம் ஒரு ரூபாய் கூடும். காசு அசையாமலே இலாபம் அசைவது இதனால்தான்.

எங்கள் பக்கம் இது இன்னும் பெரிதாகத் தெரியும். கணக்கு வருடம் மார்ச் 31இல் முடிகிறது, ஏப்ரல் நடுவில் புதுவருஷம். காலபோக அறுவடைக் காசு சனத்தின் கையில் இருக்கும் நேரம் என்பதால் மார்ச் கடைசியில் எல்லாரும் கடையை நிரப்பி வைத்திருப்போம். வருடத்திலேயே இருப்பு கூடின நாட்களில் ஒன்றில்தான் எண்ணுகிறோம், அதனால் விலையில் விடும் சின்னப் பிழையும் பெரிய தொகையாக வந்து நிற்கும்.

பருப்பை மட்டும் எடுத்துச் செய்து காட்டுகிறேன். கணக்கு லேசாக இருக்க முழு எண்களாகப் போடுகிறேன், விலை ஏறிக்கொண்டே போன ஒரு வருடம் என்று வையுங்கள். ஏப்ரல் 1இல் 20 மூட்டை இருந்தது, ஒன்று 10,000 ரூபாய். யூலையில் 40 மூட்டை 12,000 படி, டிசம்பரில் 40 மூட்டை 14,000 படி, மார்ச்சில் புதுவருஷத்துக்கு 20 மூட்டை 16,000 படி வாங்கினீர்கள். எல்லாமாக 120 மூட்டை, 1,560,000 ரூபாய். இதில் 90 மூட்டையைச் சராசரி 15,500 படி விற்று 1,395,000 வந்தது. மார்ச் 31இல் 30 மூட்டை நிற்கிறது, அன்றைக்கு விற்கும் விலை 17,500.

முதல் வந்தது முதல் போகிறது என்று பிடித்தால், நிற்கும் 30இல் 20 மூட்டை மார்ச்சில் வந்தவை, 10 மூட்டை டிசம்பரில் வந்தவை. இருப்பு 460,000, இலாபம் 295,000. நிறைச் சராசரி பிடித்தால் 1,560,000ஐ 120ஆல் பிரிக்க மூட்டை 13,000, இருப்பு 390,000, இலாபம் 225,000. கடைசியாக வந்தது முதல் போகிறது என்று பிடித்தால் நிற்பவை எல்லாம் பழைய மலிவுச் சாமான், இருப்பு 320,000, இலாபம் 155,000 தான். முப்பதையும் மார்ச் மாதக் கொள்விலையில் போட்டால் இருப்பு 480,000, இலாபம் 315,000. விற்கும் விலையிலேயே போட்டால் இருப்பு 525,000, இலாபம் 360,000.

சாமானும் அதேதான், விற்பனையும் அதேதான், இலாபம் மட்டும் 155,000இல் இருந்து 360,000 வரை போகிறது. இலங்கையின் கணக்கீட்டு நியமம் எல்.கே.ஏ.எஸ். 2 இந்த ஐந்தில் முதல் இரண்டைத்தான் பலசரக்கு போன்ற கலந்த சாமானுக்கு ஏற்கிறது. கடைசியாக வந்தது முதல் போகும் முறைக்கு அதில் இடமில்லை. மார்ச் விலையையும் விற்கும் விலையையும் ஏற்க முடியாததற்குக் காரணம் எளிது, விற்காத சாமானில் இலாபம் எடுத்ததாக அவை எழுதுகின்றன. உங்களுடைய ஆள் செய்தது இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். "இப்போதைய விலை" என்று அவர் சொன்னது வாங்கும் விலையா விற்கும் விலையா என்று கேளுங்கள். எதுவானாலும் வாங்கின விலைக்கு மேலே ஏற்றி எழுதுவது பிழை.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது விளங்கினால் பயம் பாதி போய்விடும். இந்த வருடத்து இறுதி இருப்புத்தான் அடுத்த வருடத்து ஆரம்ப இருப்பு. அந்த 30 மூட்டையையும் அடுத்த வருடம் 17,500 படி விற்றால் 525,000 வரும். முதல் முறையில் அடுத்த வருடம் 65,000 இலாபம், இரண்டு வருடமும் சேர்த்து 360,000. சராசரியில் அடுத்த வருடம் 135,000, சேர்த்தால் அதே 360,000. விற்கும் விலையில் போட்டவருக்கு அடுத்த வருடம் ஒன்றுமே மிஞ்சாது, அவருக்கும் மொத்தம் 360,000 தான். அதாவது இலாபத்தை யாரும் படைக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை, எந்த வருடத்தில் காட்டுகிறோம் என்பதுதான் மாறுகிறது. ஆனால் அதை லேசாக எடுக்கவும் கூடாது. வருமான வரி ஒவ்வொரு வருடத்து வருமானத்துக்கும் தனித்தனியாக, தொகை கூடக் கூடப் படிப்படியாக ஏறும் வீதத்தில் வருகிறது. வராத காசுக்கு இந்த வருடமே வரி கட்டிவிட்டு, அடுத்த வருடம் வங்கிக் கடனுக்குப் போகும்போது கடை படுத்துவிட்டது போல ஒரு கணக்கைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டி வரும்.

வாங்கின விலை என்றால் பில்லில் உள்ள விலை மட்டும் இல்லை. வவுனியாவில் இருந்து லொறிக் கூலி கொடுத்திருந்தால், ஏற்றி இறக்கின கூலி கொடுத்திருந்தால், அவையும் சேரும், வியாபாரக் கழிவு கிடைத்திருந்தால் அதைக் கழிக்க வேண்டும். பத்துப் பெட்டி சவர்க்காரத்துக்கு ஒரு பெட்டி இலவசம் என்று கம்பனி வண்டியில் தருவார்களே, அதில் பத்தின் விலையைப் பதினொன்றாகப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் இலவசப் பெட்டி இருப்பில் முழு விலையோடு வந்து உட்காரும். கடை வாடகை, கரண்ட் பில், கடன் வட்டி எதையும் சாமான் விலையில் ஏற்றக் கூடாது.

சரி, விலை இறங்கினால்? இங்கே ஒரு கட்டாயம் இருக்கிறது. வாங்கின கிரயம், விற்றால் செலவு போகக் கைக்கு வரும் தொகை, இரண்டில் எது குறைவோ அதைத்தான் எழுத வேண்டும். எங்களுக்குப் பாடத்தில் இதைத் தேறிய தேறக்கூடிய பெறுமதி என்று படிப்பித்தார்கள். மேலே சொன்ன பருப்பு மார்ச் 31 அளவில் மூட்டை 13,500க்கு இறங்கிவிட்டது, பொதி செய்து விற்க 200 செலவு என்று வையுங்கள். கைக்கு வருவது 13,300, முப்பதுக்கு 399,000. முதல் முறையில் இருப்பு 460,000 அல்லவா, அதை 399,000க்கு இறக்கி 61,000 நட்டத்தை இந்த வருடத்திலேயே எடுக்க வேண்டும், இலாபம் 234,000 ஆகும். சராசரியில் இருப்பு ஏற்கெனவே 390,000 என்பதால் ஒன்றும் இறக்க வேண்டியதில்லை, இலாபம் 225,000 அப்படியே நிற்கும். இதை முழுக் கடைக்கும் ஒரே மொத்தமாகப் பார்க்கக் கூடாது, சாமான் சாமானாகப் பார்க்க வேண்டும். பருப்பில் போன நட்டத்தைச் சவர்க்காரத்தில் வரப்போகும் இலாபத்தால் மூடினால் அது பிழை. திகதி முடியப்போகும் பிஸ்கட், வண்டு விழுந்த மா, எலி கடித்த மூட்டை எல்லாம் இந்த விதிக்குள்தான் வரும்.

ஆயிரம் வகைச் சாமான் உள்ள கடையில் ஒவ்வொன்றுக்கும் எப்போது வாங்கினது என்று கொப்பி பார்க்க ஏலாது என்பது எனக்கும் தெரியும். அரிசி, சீனி, பருப்பு, மா, எண்ணெய் ஐந்துக்கும் நான் சராசரி வைக்கிறேன், காசின் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கிறது. மற்றதை விற்கும் விலையில் எண்ணி, இலாபப் பங்கைக் கழித்துக் கிரயத்துக்குக் கொண்டுவருகிறேன். வருவது உண்மையான கிரயத்துக்குக் கிட்ட நிற்குமென்றால் நியமம் இதையும் விடுகிறது. கவனம் வேண்டியது ஓரிடத்தில்: வாங்கின விலையில் 25 வீதம் வைத்து விற்கிற சாமானில் விற்கும் விலை 500,000 என்றால், கிரயம் 1.25ஆல் பிரித்து வரும் 400,000. நிறையப் பேர் 500,000இல் 25 வீதத்தைக் கழித்து 375,000 என்று எழுதி, 25,000 இலாபத்தைத் தெரியாமலே குறைத்துவிடுகிறார்கள். முழுக் கடைக்கும் ஒரே வீதமும் போடாதீர்கள், பால்மாவில் நிற்கிற இலாபமும் பிளாஸ்டிக் வாளியில் நிற்கிற இலாபமும் ஒன்றில்லை.

விலை சரியாக இருந்தும் கணக்குப் பிழைக்கிற ஒரு வழி உண்டு, அது எனக்கே நடந்தது. நான் கணக்கு எழுதத் தொடங்கி இரண்டாம் வருடம், மார்ச் 30 இரவு மொத்த வியாபாரியின் லொறி வந்து 85,000 ரூபாய்ச் சாமான் இறக்கியது. அடுத்த நாள் அதையும் சேர்த்து எண்ணினேன். பில் ஏப்ரல் 3இல் வர, அதைப் புதிய வருடக் கொள்வனவில் பதிந்துவிட்டேன். சாமான் இருப்பில் இருக்கிறது, வாங்கினது கணக்கில் இல்லை, இலாபம் சும்மா 85,000 கூடிவிட்டது. அந்த வருட விற்பனை 21 இலட்சம் அளவில். மொத்த இலாபம் வழமையாக விற்பனையில் 11 வீதம் வரும், அந்த வருடம் 15 வீதம் வந்து நின்றது. விலையை நாங்கள் ஏற்றவில்லை, கடனுக்குச் சாமான் வாங்குகிற ஆட்களும் அதே ஆட்கள், பிறகு ஏன் நாலு வீதம் ஏறும் என்று அம்மா கேட்டதால்தான் பில் கட்டை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். அன்றிலிருந்து மார்ச் கடைசி வாரத்தில் இறங்கும் ஒவ்வொரு லொறிக்கும் திகதி, சாமான், பில் வந்ததா என்று தனித் தாளில் எழுதி, எண்ணுகிற தாளோடு குத்தி வைக்கிறேன்.

உங்கள் கணக்கிலும் அதே வீதத்தைப் பாருங்கள். மூன்று வருடத்து மொத்த இலாப வீதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், இந்த வருடம் மட்டும் துள்ளி நிற்கும் என்று நினைக்கிறேன். அதைக் காட்டி, இருப்புப் பட்டியலில் முதல் இருபது சாமானுக்கு அவர் போட்ட விலையையும் உங்கள் கடைசிக் கொள்வனவுப் பில்களையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள். போன வருடத்து இறுதி இருப்பு எந்த முறையில் போடப்பட்டது என்பதையும் கேளுங்கள். போன வருடம் வாங்கின விலையிலும் இந்த வருடம் விற்கும் விலையிலும் போட்டிருந்தால், அந்த ஒன்றேகால் இலட்சமும் முறை மாறினதால் வந்தது, வியாபாரத்தால் வந்தது இல்லை. வரி விபரத்திரட்டு இன்னும் அனுப்பவில்லை என்றால் இருப்பைக் கிரயத்துக்குத் திருத்தித் தரச் சொல்லுங்கள், அனுப்பியாகிவிட்டது என்றால் திருத்தின விபரத்திரட்டு போடுவது பற்றி அவரிடமே இந்தக் கிழமைக்குள் பேசுங்கள்.