எலும்பில் கீறிய சீன எழுத்து: யூகமா, உறுதியா?

"ஆமை ஓட்டுல இருக்கற கீறல்கள்தான் இன்றைய சீன எழுத்தோட ஆதி வடிவம்னு எப்படிச் சொல்றாங்க? சும்மா யூகம்தானே?"

யூகம் இல்லீங்க. சீனாவின் ஆன்யாங் நகரில் கிடைத்த மாட்டுத் தோள்பட்டை எலும்புகளிலும் ஆமை அடியோடுகளிலும் இருப்பவை பண்டைய ஷாங் வம்ச அரசர்கள் குறி கேட்ட பதிவுகள், சுமார் 3,200 ஆண்டுப் பழசு. முன்னோர்களுக்குப் படையல் வைப்பது பற்றிக் கேட்டதால் அரச பெயர்கள் வரிசையாக வரும். 1917இல் வாங் குவோவெய் என்ற சீன அறிஞர், உடைந்த இரண்டு துண்டுகளை ஒட்டி, பண்டைய வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதிய அரசர் பட்டியலோடு ஒப்பிட்டார். பெரும்பாலும் பொருந்தியது; அதாவது, இந்தக் கீறல்களைச் சீன எழுத்தாகப் படித்தது சரிதான். வேடிக்கை என்னவென்றால், பாவ் டிங் என்ற ஷாங் முன்னோரைப் பட்டியல் பாவ் யீ, பாவ் பிங் என்ற இருவருக்கும் முன்னால் வைக்கிறது. எலும்போ அந்த இருவருக்கும் பிறகே வைக்கிறது. பட்டியல்தான் பிசகு! ஆனாலும் எலும்பெழுத்துகளில் பாதிக்கு மேல் இன்னும் படிக்கப்படவில்லை.