கன்ஃபர்மேஷனில் கையெழுத்துப் போடுவதற்கு முன்: மலையிலிருந்து வந்த ஐந்து கேள்விகள்

பின்னால் வரப்போகும் டாலரையோ யூரோவையோ இன்றே பேசிய விலையில் வங்கிக்கு விற்க ஏற்றுமதியாளர் போடும் ஃபார்வர்டு ஒப்பந்தம் பெரும்பாலும் போனிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டு மூன்று நாளில், பேசியதை எழுத்தில் உறுதி செய்யும் கன்ஃபர்மேஷன் வங்கியிலிருந்து வருகிறது, பலர் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். நான் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் கண்ட சிக்கல்களில் பாதி அந்தக் கையெழுத்திலிருந்து தொடங்கியவை. இந்த முறை வந்த கேள்விகளும் அதைச் சுற்றியே இருக்கின்றன.

சார், கோத்தகிரியிலிருந்து ஆர்த்தடாக்ஸ் தேயிலை அனுப்புகிறோம். 25,000 டாலருக்கு மூன்று மாத ஃபார்வர்டு போட்டோம். கன்ஃபர்மேஷனில் ஸ்பாட் 85.2000, பிரீமியம் 0.4500, வங்கி மார்ஜின் 0.0500, ஒப்பந்த ரேட் 84.7000 என்று இருக்கிறது. சரிதானா?

சரியில்லை. கையெழுத்துப் போடாதீர்கள்.

நம் ரூபாய்க்கு எதிராக டாலர் வழக்கமாகப் பிரீமியத்தில் இருக்கும். அதாவது மூன்று மாதம் கழித்துக் கொடுக்கும் டாலருக்கு இன்றைய விலையைவிடக் கூடுதல் விலை கிடைக்கும். நீங்கள் ஏற்றுமதியாளர், டாலரை விற்பவர். அதனால் அந்தப் பிரீமியம் உங்களுக்குச் சேர வேண்டியது. வங்கியின் மார்ஜின்தான் கழிய வேண்டும். ஸ்பாட், அதாவது இன்றைய விலையான 85.20 உடன் 0.45 கூட்டி, 0.05 கழித்தால் 85.60 வருகிறது. உங்கள் காகிதத்தில் இரண்டையுமே கழித்திருக்கிறார்கள்.

25,000 டாலருக்கு 85.60 என்றால் 21,40,000 ரூபாய். 84.70 என்றால் 21,17,500. வித்தியாசம் 22,500 ரூபாய்.

ஒன்றை மட்டும் பாருங்கள். நீங்கள் ஆப்ஷன் பீரியட் வைத்து, ‘இந்த மாதத்தில் எந்த நாளிலும் கொடுப்பேன்’ என்று போட்டிருந்தால், வங்கி அந்தக் காலத்தின் முதல் நாள் வரைக்கும்தான் பிரீமியம் கொடுக்கும். அப்போது பிரீமியம் நீங்கள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறையும், அது முறையானதே. ஆனால் பிரீமியம் கூட்டலில்தான் இருக்கும், கழித்தலுக்குப் போகாது. போனில் பேசும்போது ஸ்பாட், பிரீமியம், மார்ஜின் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கன்ஃபர்மேஷனை ஒப்பிட அந்த நோட்டுதான் கையில் இருக்க வேண்டும்.

தாண்டிக்குடிப் பக்கம் காபி. ஜெர்மனிக்கு 18,000 யூரோ பில். கன்ஃபர்மேஷனில் USD/INR, 18,000 என்று வந்திருக்கிறது. தொகை சரி என்று விட்டுவிடலாமா?

விடக்கூடாது. தொகை ஒன்றாக இருப்பதால்தான் இந்தத் தப்பு கண்ணில் படாமல் போகிறது. பில்லில் இருப்பது யூரோ, ஒப்பந்தம் டாலர். பணம் யூரோவாக வந்து சேரும் நாளில் அதை இந்த ஒப்பந்தத்தில் கொடுக்க முடியாது. டாலர் ஒப்பந்தத்தை அன்றைய மார்க்கெட் விலையில் ரத்து செய்ய வேண்டும், யூரோவை அன்றைய ஸ்பாட் விலையில் விற்க வேண்டும். நீங்கள் எதற்காகப் பாதுகாப்பு எடுத்தீர்களோ அந்த யூரோவுக்குப் பாதுகாப்பே இருக்காது.

பில்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலில் நாணய ஜோடியைப் பாருங்கள். உங்களுக்கு EUR/INR என்று இருக்க வேண்டும். அப்புறம் ரேட் எந்த நாணயத்தின் விலை மாதிரி இருக்கிறது என்று ஒரு பார்வை. அன்றைய யூரோ விலையை விட்டு வெகுதூரம் போயிருந்தால், ஜோடி மாறியிருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

குன்னூரிலிருந்து: ‘BUY USD’ என்று போட்டிருக்கிறார்களே, நான் விற்கத்தானே செய்கிறேன்?

பல வங்கிகளின் கன்ஃபர்மேஷன் வங்கியின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டிருக்கும். வங்கி வாங்குகிறது என்றால் நீங்கள் விற்கிறீர்கள், சரி. ஆனால் அந்த வரி யாரைச் சொல்கிறது என்பதைக் காகிதத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். வாடிக்கையாளர் வாங்குவதாக இருந்தால், வர வேண்டிய டாலரோடு இன்னும் அவ்வளவு டாலரை வாங்கும் கடமை உங்கள் தலையில் ஏறிவிடும். டாலர் விலை இறங்கினால் இரண்டு பக்கமும் அடி.

எங்கள் முதிர்வு நாள் ஆகஸ்ட் 15. அன்று வங்கி இல்லையே, மறுநாள் கொடுத்தால் போதுமா?

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். முன்பே தெரிந்த விடுமுறையில் முதிர்வு நாள் விழுந்தால், அதற்கு முந்தைய வேலை நாளில் டாலரைக் கொடுக்க வேண்டும் என்பது ஃபெடாயின், அதாவது இந்திய அந்நியச் செலாவணி வணிகர்கள் சங்கத்தின் விதி. திடீரென்று அறிவிக்கப்பட்ட விடுமுறைக்கு மட்டும்தான் மறுநாள். ஆக, உங்களுக்குக் கையில் ஒரு நாள் குறைவு. சனி, ஞாயிறையும் காலண்டரில் பாருங்கள்.

அதைவிட முக்கியம், முதிர்வு நாள் எதை வைத்துக் கணக்கிடப்பட்டது என்பது. வாங்குபவர் பில் ஆஃப் லேடிங் தேதியிலிருந்து 90 நாளில் பணம் அனுப்புகிறார் என்றால், சரக்கு கொச்சியில் கப்பல் ஏறிய நாளிலிருந்துதான் அந்த 90 நாள் ஓடும். நீங்கள் இன்வாய்ஸ் போட்ட நாளிலிருந்து எண்ணினால் பல நாள் முன்னால் போய்விடும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் லாரி தாமதமாகி, கப்பலைத் தவறவிட்டால் இன்னும் மோசம். பணம் வரும் நாள் உறுதியில்லை என்றால், ஒற்றைத் தேதி போடாமல் ஆப்ஷன் பீரியட் கேளுங்கள். பிரீமியத்தில் சில பைசா குறையலாம், ஆனால் ஒப்பந்தத்தை ரத்து செய்து புது ரேட்டில் மறுபடி போடும் செலவைவிட அது மேல்.

தேதி 08/09 என்று எண்ணாக மட்டும் இருந்தால், மாதத்தின் பெயரை எழுத்தில் போட்டுத் தரச் சொல்லுங்கள். பணம் தாமதமாகும் என்று தெரிந்தால் முதிர்வு நாளுக்கு முன்பே வங்கிக்கு எழுதுங்கள். நாள் கடந்து ஒன்றும் சொல்லாமல் இருந்தால் வங்கியே ரத்து செய்துவிடும், நஷ்டம் இருந்தால் உங்கள் கணக்கில் பிடிப்பார்கள்.

ஊட்டியிலிருந்து: போன தடவை டாலர் வந்ததும் வங்கி அன்றைய ரேட்டில் மாற்றி வரவு வைத்துவிட்டது. ஒப்பந்தம் அப்படியே கிடந்தது. எங்கே தப்பு?

பணத்தையும் ஒப்பந்தத்தையும் யாரும் இணைக்கவில்லை. வரும் டாலரைக் கையாள்வது ஒரு பிரிவு, ஒப்பந்தம் வைத்திருப்பது இன்னொரு பிரிவு. கிளை ஊட்டியில், இந்த வேலை நடப்பது வேறு ஊரில். ஒப்பந்த எண் சொல்லப்படாவிட்டால் அன்றைய ரேட்டில் மாற்றிவிடுவது எளிதாக நடந்துவிடும்.

கன்ஃபர்மேஷனில் பணம் தீர்க்கும் வரியை நிதானமாகப் படியுங்கள். ரூபாய் எந்தக் கணக்கில் வரவாகும், அது உங்கள் நிறுவனத்தின் கணக்குதானா, எண் முழுவதும் சரியா என்று பாருங்கள். டாலர் நேராக உங்கள் வெளிநாட்டு நாணயக் கணக்கில் போய் நிற்கும்படி பழைய உத்தரவு ஏதாவது கொடுத்திருக்கிறீர்களா என்பதையும் யோசியுங்கள். ஏற்றுமதிக்கு முன் டாலரிலேயே பேக்கிங் கிரெடிட் வாங்கியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வரும் டாலர் அந்தக் கடனை அடைக்கப் போய்விடும், ஒப்பந்தத்துக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. அப்படிப்பட்ட பில்லுக்கு ஃபார்வர்டு தேவைப்படுவதில்லை, கடனைக் கழித்து மிஞ்சும் தொகைக்கு மட்டும் போட்டால் போதும்.

பணம் வரும் வாரத்தில் கிளைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: ஒப்பந்த எண், நாணயம், தொகை, முதிர்வு நாள், ‘வரும் தொகையை இந்த ஒப்பந்தத்தில் பயன்படுத்தவும்’ என்ற வரி. தப்பாக மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால் அன்றே எழுத்தில் கேளுங்கள். நாள் போகப்போகத் திருத்துவது கடினமாகும்.

வெளிநாட்டு வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு 25,000க்குப் பதில் 24,970 வந்தால், மீதி 30 டாலரை மட்டும் ரத்து செய்யச் சொல்லுங்கள். அதற்காக முழு ஒப்பந்தத்தையும் நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.