சம்பள உயர்வு மெயில்: கேள்விகளும் என் பதில்களும்

(கோவையில் ஒரு மில்லில் பதினொரு வருஷம் ஹெச்.ஆர். பார்த்தவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.)

"மூணு வருஷமா கஷ்டப்பட்டு உழைக்கிறேன், வாடகை ஏறிடுச்சு, பார்த்துச் செய்யுங்கன்னு மெயில் போட்டேன். 'நோட்டட்'னு ஒரே வார்த்தைல பதில். அக்கவுண்ட்ஸ், சம்பளம் 32,000."

முடிவெடுப்பவர் உங்கள் மேனேஜர் இல்லை. அவர் அந்த மெயிலை மேலே ஃபார்வர்ட் செய்யணும். அங்கே இருப்பவருக்கு உங்கள் முகமே தெரியாது. வாடகை அவருக்கும்தான் ஏறியிருக்கிறது. சேர்ந்த பிறகு உங்கள் வேலையில் என்ன கூடியது?

"ஆகஸ்ட்ல ஒருத்தர் நின்னுட்டார். அவர் பார்த்த ஜிஎஸ்டி வேலையும் என் தலையில."

அட, அதை விட்டுவிட்டு வாடகையை எழுதினீர்களே! இப்படி அனுப்புங்கள்:

"ஆகஸ்ட் முதல் ஜிஎஸ்டி வேலையையும் நானே பார்க்கிறேன். மாதாமாதம் GSTR-1 11-ம் தேதிக்குள்ளும், GSTR-3B 20-ம் தேதிக்குள்ளும் தாக்கலாகின்றன. இதுவரை தாமதக் கட்டணம் வரவில்லை. இந்தக் கூடுதல் பொறுப்பை வைத்து என் சம்பளத்தை 38,000 ஆகத் திருத்தக் கேட்கிறேன். அடுத்த வாரம் பேச நேரம் கிடைக்குமா?"

'கஷ்டப்பட்டேன்' என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. தாக்கல் தேதியை போர்ட்டலில் பார்க்கலாம், பார்ப்பார்கள். ஒரு மாதம் 22-ம் தேதி போயிருந்தால் 'ஒரு மாதம் தவிர' என்று நீங்களே எழுதிவிடுங்கள். அவர்களாகக் கண்டுபிடித்தால் 38,000 பற்றிப் பேச்சே இருக்காது.

"தொகையை நாம சொல்லவே கூடாது சார். அவங்க வாயில இருந்து வரணும்."

புது வேலைக்குப் பேசும்போது அது ஓரளவு சரி. உள்ளே இருந்து கேட்கும்போது, தொகை இல்லாத மெயிலுக்கு "அப்ரைசல்ல பார்ப்போம்" என்றுதான் பதில் வரும். தொகை இருந்தால்தான் மேனேஜர் பட்ஜெட் ஷீட்டில் எதையாவது எழுத முடியும். ஏப்ரலில் உயர்வு கொடுக்கும் இடமென்றால் ஜனவரியிலேயே அனுப்பிவிடுங்கள். ஆனால் முதலாளியே நேரில் உட்கார்ந்திருக்கும் சின்ன கம்பெனியில் தொகை போட்ட மெயிலைத் திமிராக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. அங்கே நேரில் பேசிவிட்டு, பேசியதை மெயிலில் போடுவதே நல்லது.

"பக்கத்து சீட்காரரோட பேஸ்லிப் ஸ்கிரீன்ஷாட் என்கிட்ட இருக்கு. எனக்கு மேல 9,000. அட்டாச் பண்ணட்டா?"

வேண்டாம். அது எப்படி உங்கள் கைக்கு வந்தது என்பதே பேச்சாகிவிடும், அவரும் மாட்டுவார். "என் கிரேடுக்கான சம்பள வரம்பு என்ன, அதில் நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் மழுப்பினால்? அதற்கு என்னிடமும் நல்ல வழி இல்லை.

"எனக்கு ஏப்ரல்லயே 2,500 கூட்டி லெட்டர் வந்துது. ஜூன் சம்பளம் வரைக்கும் ஏறல. எப்படிப் பணிவா கேட்கறது?"

நீங்கள் கேட்பது உயர்வு இல்லையே, பாக்கி! லெட்டரை இணைத்து, "ஏப்ரல் முதல் ஜூன் வரை 7,500 வரவேண்டியுள்ளது, ஜூலை சம்பளத்தோடு சேர்த்துவிடுங்கள்" என்று பேரோலுக்கு எழுதுங்கள். 'தயவுகூர்ந்து', 'கருணையோடு' எல்லாம் போட்டால் அவர்களும் அதை ஒரு வேண்டுகோள் என்று ஓரமாக வைத்துவிடுவார்கள்.