கதவு ஹூக்கும் பெயின்ட்டும்: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி (மதுரை, வாடகை வீடு): கதவின் மேல் மாட்டும் துணி ஸ்டாண்டு வாங்கினேன். மாட்டினால் தாழ்ப்பாள் விழவில்லை. அழுத்திச் சாத்தினால் பெயின்ட் உரிகிறது. காலி செய்யும்போது அட்வான்ஸில் கை வைப்பார்களோ என்று பயம்.

பதில்: அழுத்திச் சாத்துவதை இன்றே நிறுத்துங்கள். ஸ்டாண்டு தொங்குவது அறைப் பக்கம். ஆனால் அதன் பட்டை கதவின் தலையைத் தாண்டி மறுபக்கமும் கொஞ்சம் இறங்குகிறது. கதவைச் சாத்தும்போது அந்த மறுபக்கம்தான் கதவு பொருந்த நிலையில் வெட்டியிருக்கும் படியில் போய் உட்காரும். இடையில் சிக்கும் பட்டை கதவையும் நிலையையும் ஒருசேரச் சுரண்டும். பெரும்பாலானோர் கதவுக்கு மேலே இருக்கும் இடைவெளியை மட்டும் பார்த்துவிட்டு வாங்குகிறார்கள். படியில் இருக்கும் இடைவெளியும் அதே அளவு முக்கியம்.

சட்டை டப்பாவின் அட்டையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, கதவின் தலைமேல் மடித்துப் போட்டுச் சாத்துங்கள். இழுத்தால் சுலபமாக வருகிறதா? இன்னொரு துண்டு சேருங்கள். கதவு சிரமமில்லாமல் சாத்தும்வரை எத்தனை துண்டு தாங்குகிறதோ, அந்தக் கனத்துக்குள் பட்டையும் பெயின்ட் உரசாமல் இருக்க அதன் அடியில் ஒட்டும் ஃபெல்ட் துணியும் சேர்ந்து அடங்க வேண்டும். பட்டைகள் பொதுவாக 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை இருக்கும். உங்களுக்கு 1 மில்லிமீட்டர் ஸ்டீல் பட்டைதான் சரிவரும் என்று தோன்றுகிறது. மரக்கதவு என்றால் மழைக்காலத்தில் உப்பும், அதனால் ஐப்பசியில் ஒருமுறை மறுபடி சோதியுங்கள். அட்டை ஒன்றுகூட நுழையவில்லையென்றால் அந்தக் கதவுக்கு இந்த ஸ்டாண்டு வேண்டாம்.

கேள்வி (திருப்பூர்): இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு? பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பட்டைக்குள் வைத்தால் வழுக்கவே வழுக்காது.

பதில்: வழுக்காது என்பது உண்மை. ஆனால் ரப்பரில் இருக்கும் எண்ணெய்ப்பசை மெல்ல எனாமல் பெயின்ட்டுக்குள் இறங்கும். வெள்ளைக் கதவில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஒரு தடம் விழும். அது மேலே படிந்த அழுக்கு இல்லை, சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது. புதிதாக அடித்த பெயின்ட் என்றால் இன்னும் மோசம். கைக்கு ஒரே நாளில் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே இறுகச் சில வாரங்கள் ஆகும், அதுவரை ரப்பர் அப்படியே ஒட்டிக்கொள்ளும். நாற்காலிக் கால்களுக்கு ஒட்டுகிற ஃபெல்ட் ஸ்டிக்கர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதைப் பட்டையில் ஒட்டுங்கள், கதவில் ஒட்டாதீர்கள்.

அவரே மறுபடியும்: என் வீட்டில் ரொம்ப நாளாக ரப்பர்தான். ஒரு கறையும் இல்லை. கதவு காபி நிறம்.

பதில்: காபி நிறத்தில் கறை கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். உங்கள் ரப்பர் நல்லதாகவும் இருக்கலாம், எல்லா ரப்பரும் கறை விடுவதில்லை. பட்டையைக் கழற்றி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து அந்த இடத்தின் பளபளப்பைப் பாருங்கள். மங்கியிருந்தால் பெயின்ட் இளகத் தொடங்கிவிட்டது.

கேள்வி (திருச்சி): எங்கள் பாத்ரூம் பிவிசி கதவுக்கு எந்த ஸ்க்ரூ நல்லது?

பதில்: இங்கே பேச்சு ஸ்க்ரூ இல்லாத வகை பற்றி. ஆனாலும் சொல்கிறேன்: அந்தக் கதவு உள்ளே கூடு, ஸ்க்ரூ நிற்காது. துண்டு, நைட்டி போடும் அளவுக்குச் சின்ன மேல்ஹூக் போதும்.

கேள்வி (தாம்பரம்): மகளின் ஸ்கூல் பை தொங்குகிறது. மேலே ஒன்றும் ஆகவில்லை. ஹூக்கின் அடிமுனை இருக்கும் இடத்தில் மட்டும் பிறை மாதிரி ஒரு கீறல். கதவு 30 மில்லிமீட்டர் கனம், ஹூக்கின் வாய் 45.

பதில்: அளந்து எழுதியதற்கு நன்றி, காரணம் அந்த அளவிலேயே இருக்கிறது. 15 மில்லிமீட்டர் அதிகம். பையின் பாரம் இழுக்கும்போது பின்பக்கக் கால் கதவோடு ஒட்டிக்கொள்கிறது. முன்பக்கம் மேலே விலகி நிற்க, அடிமுனை மட்டும் கதவில் ஊன்றுகிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் பை ஆடுகிறது, அந்த முனை வளைவாகச் சுரண்டுகிறது.

12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் பட்டையின் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, முன்பக்கம் பட்டைக்கும் கதவுக்கும் நடுவில், மேல் விளிம்போடு வையுங்கள். பட்டையோடு இருபக்க டேப்பால் ஒட்டி, கதவைத் தொடும் முகத்தில் ஃபெல்ட். அடிமுனைக்கும் அதே கனத்தில் கட்டை வைத்து ஃபெல்ட் ஒட்டினால் ஹூக் நேராக நிற்கும். பிறகு ஹூக்கைக் கீல் பக்கமாக நகர்த்துங்கள். அங்கே கதவின் வீச்சு குறைவு, பை அவ்வளவு ஆடாது, கதவும் தொங்கிப்போகாது. மாதம் ஒருமுறை கழற்றித் துடையுங்கள். ஃபெல்ட்டில் மணல்தூசி ஏறிவிட்டால் அதுவே உப்புத்தாள் ஆகிவிடும், அப்போது புது ஃபெல்ட் மாற்றிவிடுங்கள்.