டொமினோசாவில் மீதமுள்ள ஜோடிகளைக் கணக்கு வைப்பது எப்படி?

கேள்வி: டொமினோசா புதிரில் பயன்படுத்திய ஜோடிகளை அடித்துக்கொண்டே வருகிறேன். ஆனாலும் பாதியில் நின்றுவிடுகிறது. எங்கே தவறுகிறேன்?

எண்கள் நிறைந்த கட்டத்தை, பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரு எண்கள் கொண்ட டோமினோக்களாகப் பிரிப்பதுதான் டொமினோசா; ஒவ்வொரு ஜோடியும் ஒரே ஒரு முறைதான் வர வேண்டும். பயன்படுத்திய ஜோடியைப் பட்டியலில் அடிப்பது பாதி வேலைதான். அந்த ஜோடி கட்டத்தில் வேறு எங்கெல்லாம் பக்கத்துப் பக்கத்தில் வருகிறதோ, அங்கெல்லாம் இரண்டும் சேராது என்பதற்கு அடையாளமாக இரு எண்களுக்கும் நடுவே உடனே ஒரு கோடு போட்டுவிட வேண்டும். நான் தினமும் ஈசூனிலிருந்து எம்ஆர்டியில் வேலைக்குப் போகும்போது இந்தப் புதிரைத்தான் போடுகிறேன். அந்தக் கோடுகளைப் போடத் தொடங்கிய பிறகுதான் பாதியில் விட்ட புதிர்கள் முடிவுக்கு வந்தன.

வழக்கமான புதிரில் 0 முதல் 6 வரை 28 டோமினோக்கள் இருக்கும். விளக்குவதற்கு வசதியாக 0 முதல் 3 வரை மட்டும் உள்ள, 10 டோமினோக்கள் கொண்ட சிறிய கட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

```
1 3 0 2 1
2 0 0 3 3
2 3 1 1 0
0 1 3 2 2
```

முதலில் இரட்டைகளைத் தேடுவேன், ஏனென்றால் ஒரே எண் இரண்டு முறை அடுத்தடுத்து வருவது கண்ணில் எளிதாகப் படும். 3-3 இரண்டாம் வரிசையின் கடைசியில் மட்டும் இருக்கிறது; 1-1 மூன்றாம் வரிசையில் மட்டும் இருக்கிறது. இரண்டையும் தயங்காமல் வைத்துவிடலாம். 2-2க்கு இரண்டு இடங்கள் உள்ளன: கடைசி வரிசையின் வலது மூலை, இடது ஓரத்தில் மேலும் கீழுமாக நிற்கும் இரண்டு 2கள்.

வலது மூலையில் அந்த 2 2 சேர்ந்து கிடப்பதைப் பார்த்ததும் அங்கேயே வைக்கத் தோன்றும். அப்படி வைத்தால் மூன்றாம் வரிசையின் கடைசியில் இருக்கும் 0 என்ன ஆகிறது என்று பாருங்கள்: மேலே 3-3, இடப்பக்கம் 1-1, கீழே 2-2 என்று எல்லாப் பக்கமும் அடைபட்டு அது தனித்து நின்றுவிடும். எந்த எண்ணாவது இப்படித் தனித்துவிட்டாலோ, மீதியுள்ள ஜோடி ஒன்றுக்குக் கட்டத்தில் இடமே இல்லாமல் போனாலோ, ஏற்கெனவே ஓரிடத்தில் தவறு நடந்துவிட்டது என்று பொருள்.

ஆகவே அந்த 0 கீழே உள்ள 2உடன்தான் சேர வேண்டும். 0-2 முடிந்தது. இந்த இடத்தில்தான் பலரும் பட்டியலில் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். நின்று தேடினால் இன்னும் மூன்று இடங்களில் 0ம் 2ம் ஒட்டி நிற்பது தெரியும்: முதல் வரிசையின் நடுவில் 0 2, இரண்டாம் வரிசையின் தொடக்கத்தில் 2 0, இடது ஓரத்தின் அடியில் மேலே 2 கீழே 0. 2 0 என்று திரும்பி வந்தாலும் அதே டோமினோதான் என்பதை மறக்கக்கூடாது. மூன்று இடத்திலும் கோடு போடுங்கள்.

இனி வலது மூலையில் 2-2க்கு இடமில்லை. அது இடது ஓரத்துக்குப் போகிறது. அதனால் முதல் மூலையின் 1க்குக் கீழ்ப்பக்கம் அடைபட, அது வலப்பக்க 3உடன் சேர்ந்து 1-3 ஆகிறது. இப்போது முதல் வரிசையின் நடுவில் உள்ள 0ஐக் கவனியுங்கள். இடப்பக்கம் 3 போய்விட்டது. வலப்பக்கத்து 2 இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் நடுவில் நாம் போட்ட கோடு இருக்கிறது. எனவே அது கீழே இறங்கி 0-0 ஆகிறது. கோடு இல்லாதவர் இங்கே இரண்டு வழி இருப்பதாக நினைத்து ஊகத்தில் இறங்கியிருப்பார். அதன்பின் மேல் வலது மூலையில் 2-1, இரண்டாம் நிரலில் 0-3, கடைசி வரிசையில் 0-1, 3-2 என்று மீதி தானாக அமைகிறது.

28 டோமினோக் கட்டத்தில் இதுவும் போதாத நேரம் வரும். எந்த ஜோடிக்கும் ஒரே இடம் என்று இருக்காது. அப்போது ஒரு ஜோடியின் எல்லா இடங்களும் ஒரே எண்ணைப் பகிர்கின்றனவா என்று பாருங்கள். நம் கட்டத்தின் தொடக்கத்தில் 0-0 அப்படித்தான் இருந்தது: அதன் இரண்டு இடங்களிலும் இரண்டாம் வரிசையின் நடு 0 இடம்பெறுகிறது. எது சரி என்று தெரியாமலே, அந்த 0 வலப்பக்க 3உடனோ கீழே உள்ள 1உடனோ சேராது என்று அங்கும் கோடு போட்டுவிடலாம். சைமன் டாட்டமின் கணினிப் பதிப்பில் இரண்டு எண்களுக்கு நடுவே வலது சொடுக்கு கொடுத்தால் இந்தக் கோடு விழும்; தாளில் போடுபவர்களுக்குப் பென்சில் வேண்டும்.