நூறு மீட்டர் வீரருக்கும் மாரத்தான் வீரருக்கும் தசையில் என்ன வித்தியாசம்?

கேள்வி: "பாளையங்கோட்டையில் பிளஸ் டூ படிக்கிறேன். நூறு மீட்டரில் ஜெயிப்பவர் மாரத்தானிலும் ஏன் ஜெயிப்பதில்லை?"

நம் தசை மெல்லிய இழைகளால் ஆனது. அதில் முக்கியமாக இரண்டு வகை: மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் தாங்கும் மெது இழை, சட்டென்று சுருங்கிச் சீக்கிரம் களைக்கும் வேக இழை.

கோழிக்கறி வெட்டும்போது பாருங்கள். தொடைக்கறி சிவப்பாகவும் நெஞ்சுக்கறி வெளுப்பாகவும் இருக்கும். கோழி நாளெல்லாம் நடக்கிறது. அந்தக் காலுக்கு ஆக்ஸிஜன் ஓயாமல் வேண்டும். அதைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின்தான் சிவப்பு நிறம் தருகிறது. நெஞ்சுத் தசையோ எப்போதாவது படபடவென்று பறந்து மதிலேறத்தான். நம் மெது இழை அந்தத் தொடை மாதிரி, வேக இழை நெஞ்சு மாதிரி.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். மெது இழை ஆக்ஸிஜனைக் கொண்டு கொழுப்பையும் சர்க்கரையையும் நிதானமாக எரிக்கிறது. அதனால் 42 கிலோமீட்டர் தாங்கும். வேக இழை ஆக்ஸிஜனுக்குக் காத்திருப்பதில்லை. முதல் சில விநாடிகளுக்குத் தசையில் கையிருப்பாக இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற எரிபொருள், அப்புறம் ஆக்ஸிஜன் இல்லாமலே உடையும் சர்க்கரை. கையிருப்பு வேகமாகக் கரைவதால், 2009 பெர்லினில் 9.58 விநாடியில் ஓடிய உசைன் போல்ட்டுக்கும் கடைசி 20 மீட்டரில் வேகம் சற்றுக் குறைந்தது. பெரும்பாலோருக்குக் காலில் இரண்டும் ஏறக்குறையப் பாதிப் பாதி. சிறந்த மாரத்தான் வீரர்களின் கெண்டைக்காலில் மெது இழை முக்கால் பங்கையும் தாண்டும்.

வேகமாக ஓடும்போது மெது இழை சும்மா இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மெது இழைதான் முதலில் இறங்குகிறது, விசை கூடக்கூட வேக இழையும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது.