செல்லம் ஏன் செல்லத்தின் ஆகிறது?

வணக்கம் அக்கா. வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். ‘மழையில் நனைந்த செல்லம்’ என்ற என் அணில் படக்கதையை 500 பிரதி அடித்தேன். அடுத்ததாக ‘செல்லத்தின் ரயில் பயணம்’ தயார். அட்டையில் ‘பாகம் 2’ என்று போடலாமா? ஆங்கிலப் பெயரும் வைக்கவா?

அன்புத் தங்கச்சி,

ஆங்கிலப் பெயர் வேண்டாம். எண்ணைப் பின்னட்டையில் போடும். முன்னட்டையில் ‘2’ என்று கண்டால், முதலாவது கைவசம் இல்லாத அம்மா புத்தகத்தைத் திருப்பி வைத்துவிடுவார்.

உம்மிடம் கோபம் வருவது வேறு இடத்தில். இரண்டு தலைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாரும். ஒன்றில் செல்லம் கடைசியில் நிற்கிறது, மற்றதில் ‘செல்லத்தின்’ ஆகிவிட்டது. மகரத்தில் முடிகிற பெயர் வேற்றுமை ஏறினால் உடையும்: செல்லத்துக்கு, செல்லத்தோடு. கடைக்காரர் கணினியில் ‘செல்லம்’ என்று தட்டினால் ‘செல்லத்தின்’ வராது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் அது புதுச் சொல்தான். ‘வாலன்’ என்று வைத்திருந்தாலும் ‘வாலனின்’ என்று எழுதும்போது புள்ளி போய்விடும். உகரம் என்று நம்பி ‘குஞ்சு’ வைத்தால் ‘குஞ்சின்’ ஆகும். ‘கீச்சி’ மாதிரி இகரத்தில் முடிகிற பெயர் பிழைக்கும்: கீச்சியின், கீச்சிக்கு, கீச்சியோடு, எல்லாவற்றிலும் கீச்சி முழுசாக இருக்கிறது. பெயர் வைக்குமுன் ‘இன்’, ‘கு’, ‘ஓடு’ மூன்றையும் ஒட்டிப் பார்த்திருக்க வேண்டாமா?

சரி, செல்லம் பிறந்துவிட்டது, பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது. மாற்றாதேயும். ஆனால் எல்லா வீட்டிலும் ஒரு செல்லம் உண்டு; அந்தச் சொல்லை மட்டும் தேடினால் உம்முடைய அணில் அகப்படாது. முன்னால் இனத்தைச் சேர்த்து ‘அணில் செல்லம்’ ஆக்கும். அதை எப்போதும் தலைப்பின் தொடக்கத்தில், உருபு ஒட்டாமல் வையும். பிறகு ஒரு வினை: ‘அணில் செல்லம் மழையில் நனைகிறது’, ‘அணில் செல்லம் கோச்சியில் ஏறுகிறது’.

அந்த இரண்டு சொல்லும் அட்டையின் மேல் மூன்றிலொரு பங்கில், ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரே எழுத்துருவில், ஒரே இடத்தில் வரவேண்டும். நடுவில் கம்பி அடித்த 24 பக்கப் புத்தகத்துக்குத் தலைப்பு எழுத முதுகு கிடையாது. கடையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைக்கும்போது அட்டையின் மேல்பகுதிதான் தெரியும்.

மிஞ்சிய பழைய பிரதிகளில் அந்த இடத்தில் ‘அணில் செல்லம்’ ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். மறுபதிப்பில் தலைப்பையே மாற்றினால் தேசிய நூலகச் சபையில் புது ISBN எடுக்க வேண்டும், பழையதைப் போடக் கூடாது.

இரண்டாவதை அச்சுக்குக் கொடுக்குமுன் பத்துத் தலைப்பு எழுதிப் பாரும். பின்பாதியில் வரைந்து காட்டக்கூடிய பொருள் ஒன்று இருக்கட்டும்: கோச்சி, குடை, பல். ‘நல்ல நண்பன்’, ‘அன்பு நண்பர்கள்’ என்று வைத்தால் எது வீட்டில் இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. ஒன்றையே இரண்டு தரம் வாங்கிவிட்டு மூன்றாவதை வாங்கவே மாட்டார்.